திட்டிய கடிதமும் அச்சேறிய கடிதமும்

அக்கா விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணிக்கு. மகன் ஓட்டிய ஸ்கூட்டரின் பின்னிருக்கையில், மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு, ஒருபக்கமாக உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சில வாரங்களுக்கு முன்பு புதிதாகப் போட்டிருந்த வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது, இருக்கையை விட்டு எழும்பிச் சாலையில் விழுந்தார். கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்துசேர இரவு பதினொன்றரை மணி ஆகிவிட்டது. அதன்பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. உட்கார்ந்து நாளிதழ் ஆசிரியருக்கு நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பதினோரு ஆண்டுகள் வாசகர் கடிதப் பகுதியைக் கவனித்துக்கொண்டவன். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கடிதங்கள் வரும்; ஐந்து அல்லது ஆறுக்குத்தான் இடம் இருக்கும். வருபவற்றில் பாதி, கொதிப்போடு எழுதப்பட்டவை. அந்தக் கொதிப்புக்குள் பெரும்பாலும் நியாயமான ஒரு குறை இருக்கும் என்பதும், அதை எழுதியவரே மற்ற வாக்கியங்களைப் போட்டு மூடியிருப்பார் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி மூடப்பட்டதைத் தோண்டியெடுத்துப் பத்து வரிக்குள் நிறுத்துவதுதான் என் வேலையாக இருந்தது. ஆனால் என் வீட்டில் ஒருவர் விழுந்த அன்றைக்கு, நான் எத்தனையோ முறை ஒதுக்கிவைத்த அதே வகைக் கடிதத்தைத்தான் நானும் எழுதினேன். அதன் முதல் பத்தி இது:

"ஐயா, எங்கள் ஊரில் நகராட்சி என்று ஒன்று இருக்கிறதா, இல்லை மக்களைச் சாகடிப்பதற்கென்றே திறந்த கடையா? வேகத்தடை என்ற பெயரில் சாலையின் குறுக்கே மலையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கமிஷன் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரிகளுக்கு மனசாட்சி என்பதே கிடையாது. தினந்தோறும் நூற்றுக்கணக்கானோர் விழுந்து எழுகிறார்கள். குளிரூட்டிய காரில் போகிறவர்களுக்கு அந்த வலி எப்படித் தெரியும்? வரி வசூலிக்க மட்டும் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் விழுந்தால்தான் புத்தி வரும். இந்த எமனை உடனே இடித்துத் தள்ளாவிட்டால் மக்கள் கிளர்ந்தெழுவார்கள்!"

மறுநாள் காலையில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குப் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாரையும் திட்டியிருக்கே தம்பி. நான் விழுந்தது இதுல எங்கே இருக்கு?" என்று கேட்டார். நான்கு பக்கத்தையும் மறுபடி புரட்டினேன். எந்த நாள், எந்த இடம், எந்த அடி என்று எதுவுமே அதில் இல்லை. என் கோபம் இருந்தது. கோபத்துக்குக் காரணமான நிகழ்ச்சி இல்லை. ஆத்திரத்தில் எழுதும்போது இது இயல்பாகவே நடந்துவிடுகிறது. நிகழ்ச்சி எழுதுகிறவனின் கண்முன்னே ஓடிக்கொண்டிருப்பதால், படிக்கிறவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மனம் எண்ணிக்கொள்கிறது.

அன்று மாலை பென்சிலை எடுத்துக்கொண்டு, அலுவலகத்தில் செய்வதைப் போலவே என் கடிதத்தைப் பிரித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஒரு சொல்லை எழுதிக்கொண்டே போவதுதான் முறை. நடந்ததைச் சொல்வது "செய்தி", யாரையாவது பற்றித் தீர்ப்புச் சொல்வது "திட்டு", எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது "ஊகம்", என்ன செய்யவேண்டும் என்று கேட்பது "கோரிக்கை". மேலே உள்ள பத்தியில் எட்டு வாக்கியங்கள் இருக்கின்றன. நகராட்சியைக் கேலிசெய்யும் முதல் வாக்கியம் திட்டு. கமிஷன் என்றது ஊகம். மனசாட்சி இல்லை என்றது திட்டு. நூற்றுக்கணக்கானோர் என்றது ஊகம். கார், வரி, வீட்டுப் பெண்கள் ஆகிய மூன்றும் திட்டு. இடிக்கச் சொன்ன கடைசி வாக்கியம் கோரிக்கையும் மிரட்டலும் கலந்தது. செய்தி என்று எழுதத்தக்கதாக இரண்டாவது வாக்கியத்தில் ஒரே ஒரு சொல் மட்டும் இருந்தது. அது "மலை". வேகத்தடை அளவுக்கு மீறி உயரமாக இருக்கிறது என்பதைத்தான் அந்தச் சொல் சொல்ல முயன்றது. என் குறையின் உயிர்நிலை அங்கேதான் இருந்தது. மீதி ஏழு வாக்கியங்களையும் எடுத்துவிட்டாலும் என் குறை ஒரு துளியும் குறையாது என்பதையும், "மலை" என்ற சொல்லை எடுத்துவிட்டால் கடிதமே இல்லாமல் போகும் என்பதையும் அப்போதுதான் கண்டேன்.

அதனால் "மலை" எத்தனை உயரம் என்று பார்ப்பதுதான் அடுத்த வேலையாயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், போக்குவரத்துத் தொடங்கும் முன்பு, தெருவிலுள்ள கொத்தனார் ஒருவரையும் அவருடைய ரசமட்டத்தையும் ஒரு நேரான மரச்சட்டத்தையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். சட்டத்தின் ஒரு முனையை வேகத்தடையின் உச்சியில் வைத்து, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு, மறுமுனையிலிருந்து தார்ச்சாலை வரை டேப் வைத்து அளந்தோம். உயரம் 21 சென்டிமீட்டர். வண்டி செல்லும் திசையில் ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து இறக்கம் முடியும் இடம் வரை 70 சென்டிமீட்டர். குனிந்து பார்த்தபோது வேகத்தடையின் முதுகில் நீளநீளமாகக் கீறல்கள் தெரிந்தன. அவை வண்டிகளின் அடிப்பாகம் உரசிய தடங்கள் என்று கொத்தனார் காட்டினார். சில கீறல்களில் உலோகம் தேய்ந்த பளபளப்புக்கூட இருந்தது. வெள்ளைக்கோடு இல்லை, முன்னெச்சரிக்கைப் பலகை இரண்டு பக்கத்திலும் இல்லை. முப்பது அடி தள்ளி ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. முந்தின நாள் இரவு போய்ப் பார்த்தபோது அது எரியவில்லை.

இந்த எண்களுக்குத் தாமாகப் பேசும் வலிமை கிடையாது. 21 சென்டிமீட்டர் கூடுதலா குறைவா என்பது படிக்கிறவருக்குத் தெரியாது. ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ், வேகத்தடைகளுக்கென்றே ஐ.ஆர்.சி. 99 என்னும் வழிகாட்டியை 1988இல் வெளியிட்டது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் பத்திரமாகக் கடப்பதற்கான வளைவான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்பது அதில் கூறப்பட்ட அளவு. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்ட வேண்டும் என்றும், 40 மீட்டர் முன்னதாக எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்றும் அது சொன்னது. எங்கள் ஊர் வேகத்தடை அதைப்போல் இருமடங்குக்கும் மேலான உயரமும், ஐந்தில் ஒரு பங்கு அகலமும் கொண்டது. வழிகாட்டியின்படி முன்சக்கரம், அகலத்தில் பாதியான 1.85 மீட்டர் தூரத்தில் மெல்ல ஏறவேண்டிய உயரம் 10 சென்டிமீட்டர். இங்கே 35 சென்டிமீட்டருக்குள் 21 சென்டிமீட்டர் ஏறவேண்டியிருக்கிறது. பின்சக்கரம் அப்படி ஏறி விழும்போது, அதற்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பவர்தான் தூக்கி எறியப்படுகிறார். அக்கா விழுந்து மகன் விழாததற்குக் காரணம் அதுதான். "மலை" என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனையும் அடைபட்டுக் கிடந்தன.

அளக்கப் போன இடத்தில் என் கடிதத்தின் முதல் வாக்கியமே தவறு என்பதும் தெரிந்துவிட்டது. வேகத்தடையிலிருந்து சிறிது தூரத்தில் ஒரு கிலோமீட்டர் கல் நின்றது. அதன் தலை பச்சை வண்ணத்தில் இருந்தது. மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆகவே அந்தச் சாலை நகராட்சியின் பொறுப்பிலேயே இல்லை. என் கடிதம் அப்படியே வெளியாகியிருந்தால், "குறிப்பிட்ட சாலை எங்கள் பராமரிப்பில் இல்லை" என்று ஒரே வரியில் மறுப்பு வந்திருக்கும். அதோடு குறையும் தீர்ந்ததாகக் கணக்காகியிருக்கும். உண்மையில் பொறுப்பான துறை அந்தக் கடிதத்தைத் தன்னைப் பற்றியது என்றே நினைத்திருக்காது. பதினோரு ஆண்டுகளில் இப்படிப்பட்ட மறுப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதுகிறவர் யாரைக் கடிந்துகொள்கிறாரோ அவருக்கே தப்பிக்க வழி காட்டிவிடுகிறார். சாலையானாலும் தண்ணீரானாலும் மின்கம்பமானாலும், கடிதம் எழுதும் முன்பு அது யார் பராமரிப்பில் இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ள அரைநாள் செலவிடுவது வீண்போகாது.

"நூற்றுக்கணக்கானோர்" என்பதையும் சரிபார்த்தேன். எதிரே ஒரு தேநீர்க் கடையும் மருந்துக் கடையும் இருக்கின்றன. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் தாங்களே பார்த்ததாக இருவரும் ஒத்துச் சொன்ன நிகழ்ச்சிகள் நான்கு. மருந்துக் கடைக்காரர் அவற்றில் இரண்டு பேருக்குப் பஞ்சும் மருந்தும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நூறு எங்கே, நான்கு எங்கே என்று முதலில் எனக்கே சற்றுச் சங்கடமாக இருந்தது. ஆனால் நூற்றுக்கணக்கு என்று எழுதினால் படிக்கிறவர் அதை வழக்கமான மிகை என்று தாண்டிப் போய்விடுவார். ஒரு மாதத்தில் ஒரே இடத்தில் நான்கு பேர் என்று எழுதினால் நின்று யோசிப்பார். அதற்குமேல், யாராவது வந்து விசாரித்தால் அந்த நான்கைக் காட்ட முடியும். நூறைக் காட்ட முடியாது.

தேநீர்க் கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார், அதுதான் என் கடிதத்தை முழுமையாகத் திருப்பியது. அந்த வேகத்தடை தானாக முளைக்கவில்லை. முந்தின ஆண்டு பள்ளி விடும் நேரத்தில் ஒரு சிறுவன்மேல் வேன் மோதியிருக்கிறது. பெற்றோர்கள் கூடி மனுக்கொடுத்து, பலமுறை அலைந்து, அதைப் போடவைத்திருக்கிறார்கள். "இடிக்கச் சொல்லி எழுதாதீங்க சார், பிள்ளைங்க போற இடம்" என்று அவர் கேட்டுக்கொண்டார். நானோ அதை இடித்துத் தள்ளச் சொல்லித்தான் எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் வெளிவந்திருந்தால் அந்தப் பெற்றோர்கள் எனக்கு எதிராக எழுதியிருப்பார்கள். நியாயம் அவர்கள் பக்கம் இருந்திருக்கும்.

குறை என்பது வேறு, கோரிக்கை என்பது வேறு என்ற வேறுபாடு அப்போதுதான் எனக்கு முழுமையாகப் பிடிபட்டது. "இந்த வேகத்தடை ஆட்களைத் தள்ளிவிடுகிறது" என்பது என் குறை. "இதை இடியுங்கள்" என்பது கோபம் கண்டுபிடித்த தீர்வு. இரண்டும் ஒரே மூச்சில் வந்ததால் ஒன்றே போலத் தோன்றின. நாகரிகமாக எழுதவேண்டும் என்றால் குறையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று பலர் அஞ்சுவது, இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான். நான் குறையில் ஒரு முனையும் மழுக்கவில்லை. கோரிக்கையை மட்டும் மாற்றினேன். வேகத்தடை அந்த இடத்தில் இருக்கட்டும், ஆனால் உரிய அளவில் இருக்கட்டும் என்பது புதிய கோரிக்கை. இதைப் பெற்றோர்களும் ஏற்பார்கள், ஸ்கூட்டரில் போகிறவர்களும் ஏற்பார்கள், பொறியாளரும் தன் துறையின் அளவையே தன்னிடம் கேட்கிறார்கள் என்பதால் மறுக்க முடியாது.

கமிஷன் என்ற வாக்கியத்தை நீக்குவதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் என் கையில் ஒரு சிறு ஆதாரம்கூட இல்லை. ஆதாரமில்லாமல் ஒருவர் லஞ்சம் வாங்கியதாக அச்சிட்டால் அது அவதூறு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகளிலும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் வரும் குற்றம். எழுதியவர் மட்டுமின்றி வெளியிட்ட ஆசிரியரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே கடிதப் பகுதியில் உட்கார்ந்திருப்பவர் "கமிஷன்" என்ற சொல்லைக் கண்டதும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்குவார் என்று எண்ணக் கூடாது. வேலை மிகுந்த நாளில் கடிதத்தையே ஒதுக்கிவிடுவார். நானும் அப்படி ஒதுக்கியிருக்கிறேன். உண்மையாகவே ஆதாரம் வைத்திருப்பவர் அதை லஞ்ச ஒழிப்புத் துறைக்குக் கொண்டுபோக வேண்டும்; பத்து வரி வாசகர் கடிதம் அதைத் தாங்காது. அந்த வாக்கியம் இருந்த இடத்தில் நான் வெறுமனே "வெள்ளைப்பட்டை இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை, அருகிலுள்ள விளக்கு எரிவதில்லை" என்று எழுதினேன். அலட்சியம் என்ற சொல்லை நான் பயன்படுத்தவே இல்லை. அந்த முடிவுக்கு வாசகர் தாமே வந்துசேர்ந்தால், அவருக்கு அது தம்முடைய முடிவாகிவிடுகிறது.

இத்தனையையும் வைத்துக்கொண்டு எழுதிய இரண்டாவது வரைவு, முதல் கடிதத்தைவிட மோசமாக வந்தது. பணிவாக இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில், "மேற்படி வேகத்தடையால் வாகன ஓட்டிகளுக்குச் சற்றுச் சிரமம் ஏற்படுவதாகப் பொதுமக்கள் கருதுகின்றனர், எனவே மாண்புமிகு அதிகாரிகள் தக்க ஆய்வு மேற்கொண்டு ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்று எழுதியிருந்தேன். திட்டு முழுவதும் போயிருந்தது; அதோடு குறையும் போயிருந்தது. எலும்பு முறிந்தது "சற்றுச் சிரமம்" ஆகிவிட்டது. நான் அளந்து கண்டது "பொதுமக்கள் கருதுகின்றனர்" ஆகிவிட்டது. "ஆவன செய்யவும்" என்றால் என்ன செய்யவேண்டும் என்று யாருக்கும் தெரியாது. செய்தார்களா இல்லையா என்று பிறகு கேட்கவும் முடியாது. நாகரிகம் என்பது பணிவுச் சொற்களைச் சேர்ப்பதால் வருவதில்லை என்பதை இந்த வரைவு எனக்குக் காட்டியது. ஆளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திப் பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே மரியாதை தானாக வந்துவிடுகிறது. அதற்குமேல் "தாழ்மையுடன்" எதற்கு?

இப்படி மழுங்கிப்போயிருக்கிறதா என்று கண்டறிய நான் அலுவலகத்தில் கையாண்ட வழி ஒன்று உண்டு. நிகழ்ச்சியைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்து, ஒருமுறை படித்ததும் வாங்கி வைத்துக்கொண்டு, "இவருக்கு என்ன குறை?" என்று கேட்பேன். ஒரே வாக்கியத்தில் சரியாகச் சொல்லிவிட்டால் கடிதம் பிழைத்தது. இரண்டாவது வரைவைப் படித்த பக்கத்து வீட்டு மாணவி, "ஏதோ ரோட்டுல பிரச்சினைன்னு சொல்றீங்க மாமா" என்றாள். முதல் கடிதத்தைப் படித்திருந்தால், "யார்மேலயோ கோபமா இருக்கீங்க" என்று சொல்லியிருப்பாள். இரண்டிலும் வேகத்தடை காணாமல்தான் போயிருந்தது.

மூன்றாவது வரைவில் நீண்ட நேரம் யோசித்தது ஒரே ஒரு செய்தியைப் பற்றி. அக்கா ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார் என்பதைச் சொல்வதா, விடுவதா? சொன்னால், "இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார்" என்று யாராவது எழுதுவார்கள். விட்டால், பிற்பாடு அது தெரியவரும்போது நான் மறைத்ததாக ஆகும். கடைசியில் சொல்வதென்றே முடிவுசெய்தேன். சேலை உடுத்திய பெண்களில் பெரும்பாலோர் எங்கள் ஊரில் அப்படித்தான் உட்கார்ந்து போகிறார்கள்; அவர்களுக்கும் சேர்த்துத்தான் சாலை போடப்படுகிறது. நமக்குப் பாதகமாகத் தோன்றும் ஒரு செய்தியை நாமே முன்வந்து சொல்லும்போது, மற்ற செய்திகள்மேல் வாசகருக்கு நம்பிக்கை கூடுகிறது என்பதையும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். மாறாக, வண்டி மெதுவாகத்தான் வந்தது என்று அக்காவின் மகன் சொன்னதை நான் எழுதவில்லை. அவன் சொன்னதை நான் நம்புகிறேன்; ஆனால் அதைக் காட்ட என்னிடம் வழியில்லை.

வரிசை அமைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. கடிதங்களைச் சுருக்கி வெளியிடும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளும் கடிதத்தின் சாரத்தை மட்டும் வெளியிடலாம் என்று அதை ஏற்கின்றன. இடம் போதாதபோது கத்தரி பெரும்பாலும் அடியிலிருந்துதான் தொடங்கும். "இறுதியாக ஒன்று" என்று முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருப்பவரின் கடிதத்தில் முதலில் போவது அதுதான். அதனால் குறை முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். அடுத்து நிகழ்ச்சி, பிறகு அளவு, பிறகு எதிர்ப்பக்கத்தின் நியாயம், பிறகு கோரிக்கை. நீளம் நூறிலிருந்து நூற்றைம்பது சொல்லுக்குள் இருந்தால், ஆசிரியர் வெட்டவேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. நான் அனுப்பிய கடிதம் இது. ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் இங்கே மட்டும் விட்டிருக்கிறேன்.

"ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு முன்னால் மாநில நெடுஞ்சாலையில் போடப்பட்டுள்ள புதிய வேகத்தடை, வண்டிகளின் வேகத்தைக் குறைப்பதோடு நில்லாமல், பின்னிருக்கையில் இருப்பவர்களைக் கீழே தள்ளுகிறது. கடந்த செவ்வாய் இரவு ஏழரை மணிக்கு, ஸ்கூட்டரில் ஒருபக்கமாக அமர்ந்து வந்த என் அக்கா அங்கே விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஒரு மாதத்தில் நான்கு பேர் விழுந்ததை எதிரிலுள்ள கடைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் அளந்தபோது அதன் உயரம் 21 சென்டிமீட்டர், அகலம் 70 சென்டிமீட்டர். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி கூறும் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். வெள்ளைப்பட்டையோ எச்சரிக்கைப் பலகையோ இல்லை. அருகிலுள்ள விளக்கும் எரிவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் அந்த இடத்தில் வேகத்தடை கட்டாயம் தேவை. சென்ற ஆண்டு ஒரு சிறுவன் அடிபட்ட பிறகு பெற்றோர்கள் போராடிப் பெற்றது அது. அதை எடுக்கும்படி நான் கேட்கவில்லை. சாலையைப் பராமரிக்கும் துறை, அதே இடத்தில் உரிய அளவில் அதைத் திருத்தி அமைக்க வேண்டும்; அதுவரை, இந்த வாரத்துக்குள்ளாவது பட்டை தீட்டிப் பலகை வைக்க வேண்டும்."

இதில் "வேண்டும்" என்ற சொல் இரண்டு இடத்தில் உறுதியாகவே நிற்கிறது. அதைத் "தயவுசெய்து" என்று இளக்க வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை. கோரிக்கையை இரண்டாகப் பிரித்ததற்கும் காரணம் இருக்கிறது. திருத்தி அமைக்க மதிப்பீடு போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம். பட்டை தீட்ட ஒரு டப்பா வண்ணமும் ஒரு பகல் நேரமும் போதும். பெரியதை மட்டும் கேட்டால், அது நடக்கும்வரை எதுவும் நடக்காது. சிறியதை மட்டும் கேட்டால், அதைச் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். இதே செய்தியைத் துறையின் கோட்டப் பொறியாளருக்கும் அளவுகளோடும் இரண்டு ஒளிப்படங்களோடும் பதிவு அஞ்சலில் தனியாக அனுப்பினேன். நாளிதழில் வரும் கடிதத்தை அலுவலகத்தில் யாராவது பார்த்துச் சொன்னாலும், கோப்பில் இணைக்க ஒரு தாள் வேண்டும் அல்லவா?

ஒன்பதாம் நாள் கடிதம் வெளிவந்தது. விளக்கைப் பற்றிய வாக்கியத்தை நீக்கியிருந்தார்கள். மற்றவை அப்படியே இருந்தன. நான்கு நாள் கழித்து, அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தந்தை ஒருவர் அதே பகுதியில் என் கடிதத்தை ஆதரித்து எழுதியிருந்தார். தாங்கள் கேட்டுப் பெற்ற வேகத்தடை என்பதால் அதன் குறையையும் தாங்களே கேட்பது கடமை என்று அவர் எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். முதல் கடிதம் போயிருந்தால் இவர்தான் எனக்கு எதிராக எழுதியிருப்பார்.

மூன்றாவது வாரம் கறுப்பு வெள்ளைப் பட்டை வந்தது. ஒரு பக்கம் மட்டும் எச்சரிக்கைப் பலகை வந்தது. இரண்டு மாதம் கழித்து வேகத்தடையின் இரு சரிவிலும் தார்க்கலவை கொட்டிச் சற்றுச் சாய்வாக்கினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அதே கொத்தனாரோடு மறுபடியும் போய் அளந்தேன். அகலம் இப்போது 1.9 மீட்டர், உச்சியைக் கொத்தவில்லை என்பதால் உயரம் 21 சென்டிமீட்டரிலேயே நிற்கிறது. முன்புபோல் வண்டி எகிறவில்லை. இருந்தாலும் அது உரிய அளவுக்கு வரவில்லை. அக்காவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். விரல்களை முழுதாக மடக்க இன்னும் பயிற்சி செய்துகொண்டிருக்கிறார். அடுத்த கடிதத்தை நேற்று இரவு எழுதத் தொடங்கினேன். அதன் முதல் வாக்கியம்: "பள்ளிக்கு முன்னுள்ள வேகத்தடையின் சரிவை அகலப்படுத்திப் பட்டை தீட்டியதால் ஆபத்து குறைந்திருக்கிறது, ஆனால் அதன் உயரம் இன்னும் உரிய அளவைப்போல் இருமடங்குக்கும் மேலாகவே இருக்கிறது."